போனில் உள்ள படத்தை 12 அடிச் சுவருக்குக் கொண்டுபோவது எப்படி: கட்டம், நிறப் பட்டியல், பெயின்ட் கணக்கு

எங்கள் ஊர்ப் பள்ளியில் சத்துணவு சமைக்கும் ஆயா ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்ததும், அவர் முகத்தைச் சமையல் கூடத்தின் வெளிச்சுவரில் வரைந்துவிடலாம் என்று கிளம்பினேன். தாளில் எனக்கு ஓரளவு வரைய வரும். சுவரில் அதற்கு முன் ஒரு கோடு போட்டதில்லை. நிறங்களை எண்ணாமலேயே பெயின்ட் வாங்கிவிட்டேன். பாதி வேலையில் மஞ்சள் தீர்ந்துபோனது. மறுநாள் வாங்கிவந்த டின் வேறு மஞ்சளாக இருந்தது. பின்னணி முழுவதையும் திரும்ப அடித்தேன். நீங்களும் அதே இடத்தில் போய் நிற்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன் படத்தை எட்டு நிறமாகக் குறைத்து, தாளில் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகச் சுவருக்கு மாற்றும் இந்த முறைக்கு ஓவியக் கல்லூரிப் படிப்பு தேவையில்லை. சுவரில் எதையும் யோசிக்காத அளவுக்கு எல்லாவற்றையும் தாளிலேயே முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். என் சுவர் 14 அடி நீளம், 10 அடி உயரம். அதில் படத்துக்கு எடுத்துக்கொண்டது 12 அடிக்கு 8 அடி. கீழே சொல்லும் கணக்கெல்லாம் அந்த 96 சதுர அடிக்கானது. உங்கள் அளவைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

1. முதலில் சுவரைப் பாருங்கள், படத்தை அப்புறம்

பழைய பள்ளிச் சுவர் என்றால் அநேகமாகச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். சுண்ணாம்பின் மேல் எமல்ஷன் நிற்காது. அடித்தபோது நன்றாக இருக்கும், ஓரிரு மழையில் அப்பளம் போலப் பொரிந்து வரும். தெரிந்துகொள்ள ஒரு கறுப்புத் துணியால் சுவரை அழுத்தித் தேயுங்கள். துணி வெளுத்தால் சுண்ணாம்பு. அடுத்து, அகலமான செலோ டேப்பை ஒட்டி வெடுக்கென்று உரியுங்கள். டேப்போடு பொருக்கு வந்தால் பழைய பூச்சின் பிடிமானம் போய்விட்டது என்று அர்த்தம். இரண்டில் எது நடந்தாலும் கம்பிப் பிரஷ்ஷும் சுரண்டியும் வைத்துச் சுரண்டி, தண்ணீர் விட்டுக் கழுவி, இரண்டு நாள் காயவிட வேண்டும்.

ஈரம் ஊறும் சுவரா என்றும் பார்க்க வேண்டும். ஓர் அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்து கட்டியிருந்தால் அந்த இடத்தில் வரையாதீர்கள். என் சுவரில் தரையிலிருந்து ஒன்றரை அடி வரை அப்படி இருந்தது. மழைத்தண்ணீர் தெறிக்கும் உயரமும் அதுதான். அதனால் அடியில் ஒன்றரை அடியை விட்டுவிட்டே படத்தைத் தொடங்கினேன். புதிதாகப் பூசிய சுவர் என்றால் நான்கு வாரமாவது ஆறட்டும்.

நம் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளிச்சுவரைத் தொடாதீர்கள். பொங்கல் கழிந்து ஏப்ரல் வரைதான் நல்ல காலம். வெயில் நேராக விழும் நேரத்தில் பெயின்ட் பிரஷ்ஷிலேயே காய்ந்துவிடும். மேற்குப் பார்த்த சுவருக்குக் காலையும், கிழக்குப் பார்த்த சுவருக்கு மாலையும் ஒதுக்குங்கள்.

2. அனுமதிக் கடிதங்கள்

எனக்கு அதிக நாள் பிடித்தது இதில்தான். தலைமை ஆசிரியரிடம் வாய்மொழியாகக் கேட்டேன், "தாராளமா செய்யுங்க" என்றார். சுவரைச் சுரண்டத் தொடங்கிய பிறகுதான், பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு தீர்மானம் வேண்டும், சத்துணவுக் கூடம் என்பதால் ஒன்றிய அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுவது நல்லது என்று தெரிந்தது. ஒன்பது நாள் போயிற்று. நீங்கள் ஒரே நாளில் மூன்று பிரதி எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

கடிதத்தில் எந்தச் சுவர், என்ன அளவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, செலவு யாருடையது, சாரம் நிற்கும் நாட்களில் பிள்ளைகள் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு என்ற ஐந்தும் இருக்கட்டும். படத்தின் வண்ணப் பிரதி ஒன்றை இணைத்து, அதன் மேலேயே கையெழுத்து வாங்குங்கள். பிறகு "நான் நினைத்தது வேறு நிறம்" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

யாருடைய முகத்தை வரைகிறீர்களோ அவருடைய சம்மதமும் எழுத்தில் வேண்டும். ஆயா முதலில், "ஏம்மா, என் மூஞ்சிய எதுக்கு இவ்ளோ பெரிசா?" என்று தயங்கினார். தாளில் எடுத்த படத்தைக் காட்டிய பிறகு, கரண்டி பிடித்த கையும் அதில் இருக்க வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். படம் எடுத்தவர் வேறொருவர் என்றால் அவரிடமும் கேட்டுவிடுங்கள்.

3. படத்தை எடுப்பது

எட்டு நிறத்துக்குள் ஒரு முகம் முகமாகத் தெரிய வேண்டுமானால் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வர வேண்டும். பிளாஷ் போட்டு எடுத்தால் முகம் முழுக்க ஒரே நிறமாகிவிடும், மூக்கு காணாமல் போகும். காலை எட்டு மணிவாக்கில் வாசற்படியில் உட்காரவைத்து, ஒரு கன்னம் வெளிச்சத்திலும் ஒரு கன்னம் நிழலிலும் இருக்குமாறு எடுங்கள்.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். நமக்கு வேண்டியது குறைந்தது 2400 பிக்சல் அகலம்.

4. படத்தை எட்டு நிறமாகக் குறைப்பது

நான் பயன்படுத்தியது கிம்ப் என்ற இலவச மென்பொருள். வரிசை முக்கியம், மாற்றினால் சில மெனுக்கள் வேலை செய்யாது.

முதலில் சுவரின் விகிதத்துக்குப் படத்தை வெட்டுங்கள். 12க்கு 8 என்றால் 3:2. போன் படங்கள் பெரும்பாலும் 4:3 என்பதால் மேலோ கீழோ கொஞ்சம் போகும். வெட்டாமல் இழுத்து நிரப்பினால் முகம் அகன்றுவிடும். பிறகு அளவை 2400 × 1600 பிக்சலாக்குங்கள். ஓர் அடிக்கு 200 பிக்சல் என்று கணக்கு நேராக வந்துவிடும். பின்னணியை அழித்து ஒரே மஞ்சளால் நிரப்பிவிட்டேன். சமையல் கூடத்தின் ஜன்னலும் கயிறும் எட்டில் மூன்று நிறங்களைத் தின்றுவிடும் போல இருந்தது.

அடுத்து `Filters > Blur > Median Blur`, ஆரம் 10 அளவுக்கு. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். 200 பிக்சல் ஓர் அடி என்றால் ஒரு பிக்சல் சுவரில் ஒன்றரை மில்லிமீட்டர். ஏழு பிக்சலுக்குக் குறைந்த எந்தப் புள்ளியும் சுவரில் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. அரை அங்குலப் பிரஷ்ஷால் அதை வரைய முடியாது. தோலில் உள்ள பொடிப்பொடித் திட்டுகள் எல்லாம் இந்தக் கட்டத்திலேயே கரைந்துபோக வேண்டும்.

பிறகு `Image > Mode > Indexed`. அதில் `Generate optimum palette` என்பதைத் தேர்ந்து, நிறங்களின் எண்ணிக்கையை 8 என்று கொடுங்கள். `Color dithering` என்ற இடத்தில் `None` இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் நிறங்கள் தனித்தனிப் பரப்பாக வராமல் மணல் தூவியது போலப் புள்ளிபுள்ளியாக வரும். நான் முதல் முறை அந்தத் தாளைப் பிரின்ட் எடுத்துவிட்டு, கோடு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஒரு மணி நேரம் திணறினேன்.

கிடைத்த எட்டு நிறத்தில் எதையாவது மாற்ற வேண்டுமானால் `Windows > Dockable Dialogs > Colormap` போய், அந்த நிறத்தை இரட்டைச் சொடுக்கு சொடுக்கி மாற்றலாம். அப்புறம் `File > Export As` போய் PNG கோப்பாகச் சேமியுங்கள். JPG ஆக்கினால் விளிம்புகளில் நூற்றுக்கணக்கான இடைநிறங்கள் புகுந்துவிடும், நிறக் கணக்கு கெட்டுவிடும்.

5. தாளில் கட்டம்

கட்டம் போடுவதை ஒரு பிரதியில் செய்யுங்கள். அசல் கோப்பு நிறத்தை எண்ணுவதற்கு வேண்டும். பிரதியை `Image > Mode > RGB` என்று மாற்றிவிட்டு, `Filters > Render > Pattern > Grid` போய் இடைவெளி 200 பிக்சல் என்று கொடுங்கள். `View > Show Grid` என்று ஒன்று இருக்கிறது. அது திரையில் மட்டும்தான் தெரியும், பிரின்டில் வராது.

அகலத்தில் 12 கட்டம், உயரத்தில் 8 கட்டம், மொத்தம் 96. ஏ4 தாளில் 24 சென்டிமீட்டருக்கு 16 சென்டிமீட்டர் அளவில் எடுத்தால் ஒரு கட்டம் 2 சென்டிமீட்டர். தாளில் ஒரு சென்டிமீட்டர் சுவரில் அரையடி. பிரின்ட் கடையில் `Actual size` என்று கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் ஸ்கேலால் பத்துக் கட்டம் அளந்து பாருங்கள், 20 சென்டிமீட்டர் வர வேண்டும்.

பத்திகளுக்கு அ முதல் ஔ வரை எழுதினேன். உயிரெழுத்து பன்னிரண்டும் பன்னிரண்டு பத்திக்குச் சரியாக வந்தது. வரிசைகளுக்கு மேலிருந்து 1 முதல் 8. "எ-3" என்றால் பள்ளிப் பிள்ளைகள்கூட ஓடிவந்து சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். எழுத்துகள் படத்துக்கு வெளியே விளிம்பில் இருக்கட்டும்.

இரண்டு வண்ணப் பிரதியும், முகம் மட்டும் பெரிதாக ஓர் ஏ3 பிரதியும் எடுத்து லேமினேட் செய்துகொள்ளுங்கள். பெயின்ட் கையோடு நூறு முறை எடுத்துப் பார்ப்பீர்கள்.

6. நிறப் பட்டியல்

எந்த நிறம் சுவரில் எத்தனை சதுர அடி என்று தெரிந்தால்தான் கடைக்குப் போக வேண்டும். நான் விட்டது இந்தப் படியைத்தான்.

கையால் எண்ணலாம். ஒரு கட்டம் ஒரு சதுர அடி என்பதால், முழுக்க ஒரே நிறமான கட்டத்தை 1 என்றும், பாதிக்கு அரை என்றும், ஓரமாகத் தொட்டதற்குக் கால் என்றும் குறித்துக்கொண்டே போங்கள். கடைசிக் கூட்டுத்தொகை 96க்குப் பக்கத்தில் வர வேண்டும். 90 வந்தாலோ 103 வந்தாலோ எங்கோ விட்டிருக்கிறீர்கள்.

கணினியில் பைத்தானும் அதன் Pillow நூலகமும் இருந்தால், கட்டம் போடாத அசல் PNG கோப்பைக் கொடுத்து இப்படியும் எண்ணலாம். aaya.png என்ற இடத்தில் உங்கள் கோப்பின் பெயரையும், 96 என்ற இடத்தில் உங்கள் படத்தின் சதுர அடியையும் போடுங்கள்.

```python
from PIL import Image
im = Image.open("aaya.png").convert("RGB")
total = im.width * im.height
for n, c in sorted(im.getcolors(total), reverse=True):
    print(c, round(n * 96 / total, 1))
```

எனக்கு வந்த கணக்கு இது:

| எண் | நிறம் | எங்கே | சதுர அடி | மில்லி |
|---|---|---|---|---|
| 1 | மஞ்சள் | பின்னணி | 38 | 1425 |
| 2 | அடர்பச்சை | சேலை நிழல் | 14 | 350 |
| 3 | இளம்பச்சை | சேலை வெளிச்சம் | 10 | 250 |
| 4 | நடுப் பழுப்பு | வெளிச்சக் கன்னம், கை | 12 | 300 |
| 5 | அடர்பழுப்பு | நிழல் கன்னம், கழுத்து | 9 | 225 |
| 6 | வெளிர்பழுப்பு | நெற்றி, மூக்கு மேடு | 4 | 100 |
| 7 | கருமை | கண், புருவம், ரவிக்கை | 7 | 175 |
| 8 | வெள்ளை | நரை, கண் வெள்ளை | 2 | 50 |

7. சதுர அடியிலிருந்து லிட்டருக்கு

டின்னின் மேல் ஒரு லிட்டருக்கு இத்தனை சதுர அடி என்று போட்டிருப்பார்கள். அது ரோலரால் பெரிய சுவரை அடிப்பவருக்கான கணக்கு. ஒரு கோட்டா, இரண்டு கோட்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நாம் பிரஷ்ஷால் வளைவு வளைவாக அடிக்கிறோம். கிண்ணத்தில் ஒட்டிக்கொள்வது, பிரஷ்ஷில் காய்வது எல்லாம் உண்டு. அதனால் வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 40 சதுர அடி என்று வைத்துக்கொண்டேன். அதாவது ஒரு சதுர அடிக்கு 25 மில்லி. மேலே அட்டவணையில் உள்ள கடைசிப் பத்தி அப்படி வந்ததுதான்.

மஞ்சள் மட்டும் விதிவிலக்கு. பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும் அடியில் இருப்பதை நன்றாக மறைக்காது. மூன்று கோட்டு இல்லாமல் சீராக வராது. எனவே 38 சதுர அடிக்கு 950 மில்லி என்று வந்ததை ஒன்றரை மடங்காக்க வேண்டும், 1425. நான் முதல் முறை ஒரு லிட்டர்தான் வாங்கியிருந்தேன். மூன்றாவது கோட்டில் மேல் வரிசை முடிவதற்குள் டின் காலி. இரண்டு டின் வாங்கினால் இரண்டையும் ஒரு வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மெஷினில் ஒரே நிற எண்ணைப் போட்டுக் கலந்தாலும் டின்னுக்கு டின் நூலளவு வித்தியாசம் இருக்கும். பெரிய சுவரில் அது ஒரு கோடாகத் தெரியும்.

மிகச் சிறிய பரப்பு என்றாலும் 150 மில்லிக்குக் குறைவாகக் கலக்காதீர்கள். வெளிர்பழுப்பைக் கணக்குப்படி 100 மில்லிதான் கலக்கினேன், மூக்கு மேடு முடிவதற்குள் தீர்ந்துவிட்டது. அதே நிறத்தை மறுபடி கொண்டுவர முடியவில்லை.

8. என்ன வாங்குவது, என்ன கலப்பது

எட்டு நிறத்துக்கு எட்டு டின் வேண்டாம். மஞ்சள் இரண்டு லிட்டர், அடர்பச்சை, அடர்பழுப்பு, கறுப்பு, வெள்ளை தலா ஒரு லிட்டர் போதும். இளம்பச்சை என்பது பச்சையில் மஞ்சளும் கொஞ்சம் வெள்ளையும். நடுப் பழுப்பு என்பது அடர்பழுப்பில் மஞ்சள். வெள்ளையை மட்டும் கலந்து தோல் நிறத்தை வெளுக்கவைத்தால் சாம்பல் பூத்தது போல ஆகிவிடும், முகத்தில் உயிர் இருக்காது. மஞ்சளை முதலில் சேர்த்து, வெள்ளையைக் கடைசியாகச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். ஏழாம் எண்ணுக்குக் கறுப்பில் பாதிக்குப் பாதி பழுப்பு சேர்த்தேன். வெறும் கறுப்பு முகத்தில் ஓட்டை விழுந்தது போலத் தெரியும்.

"ஒரு பெரிய வெள்ளை வாங்கிக்கம்மா, மத்ததெல்லாம் ஸ்டெய்னர் ஊத்திக் கலந்துக்கலாம், செலவு மிச்சம்" என்று கடையில் சொல்வார்கள். வெளிர்நிறத்துக்கு அது சரி. அடர்நிறத்துக்கு ஆகாது. வெள்ளையை அடர்பச்சையாக்க வேண்டிய அளவு ஸ்டெய்னரை ஊற்றினால் பூச்சு சரியாகக் காயாது, கை வைத்தால் ஒட்டிக்கொண்டு வரும், மழையில் வடியும். லிட்டருக்கு எவ்வளவு வரை சேர்க்கலாம் என்று ஸ்டெய்னர் பாட்டிலிலேயே போட்டிருக்கும். அடர்நிறங்களைக் கடை மெஷினில் கலந்த டின்னாகவே வாங்குங்கள். நிற எண் ஒட்டிய சீட்டைக் கிழிக்காமல் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எமல்ஷன் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்ததும் கொஞ்சம் அடர்த்தியாக இன்னொரு நிறம். கலந்ததை ஓர் அட்டையில் தடவி, முழுதும் காய்ந்த பிறகு தாளோடு ஒப்பிடுங்கள். அந்த அட்டைகளில் எண்ணை எழுதி வைத்தால் அதுவே உங்கள் நிறப் பட்டியல். கலவை முழுவதையும் ஒரே தடவையில் செய்து, மூடியுள்ள டப்பாவில் எண் போட்டு மூடி வையுங்கள்.

எனக்கு ஆன செலவு: பிரைமர் இரண்டு லிட்டர் 360 ரூபாய், பெயின்ட் எல்லாம் சேர்த்து 2,560, நான்கு அங்குலம் முதல் அரை அங்குலம் வரை பிரஷ்களும் கண்ணுக்கு இரண்டு மெல்லிய தூரிகைகளும் 520, உப்புத்தாள், டேப், நூல், டப்பாக்கள் 340, பிரின்ட்டும் லேமினேஷனும் 150, சாரம் ஐந்து நாள் வாடகை 1,000. மொத்தம் 4,930. இரண்டாவது முறை வாங்கிய மஞ்சளை இதில் சேர்க்கவில்லை.

9. சுவரில் கட்டம்

பிரைமர் ஒரு கோட்டு அடித்து ஒரு நாள் காய்ந்த பிறகு கட்டம் போடுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், பள்ளி முற்றம் தண்ணீர் வடிவதற்காகச் சரித்துக் கட்டப்பட்டிருக்கும். என் சுவரில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நான்கு அங்குல வித்தியாசம் இருந்தது. கொத்தனாரிடம் டியூப் லெவல் வாங்கி, தண்ணீர் மட்டம் பார்த்து அடிக்கோட்டைப் போடுங்கள். இடது விளிம்புக்குத் தூக்குக்குண்டு.

இரண்டு கோடும் சரியான செங்கோணத்தில் நிற்கிறதா என்று பார்க்க, மூலையிலிருந்து அடிக்கோட்டில் 6 அடி, நிற்கும் கோட்டில் 8 அடி குறித்து, அந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே டேப் பிடியுங்கள். சரியாக 10 அடி வர வேண்டும். முழுச் சட்டமும் போட்ட பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். 12க்கு 8 என்றால் இரண்டுமே 14 அடி 5 அங்குலம் இருக்கும். ஒன்று கூடுதலாக இருந்தால் சட்டம் சாய்ந்திருக்கிறது.

அடிகளைக் குறிக்கும்போது எப்போதும் தொடக்க மூலையில் டேப்பை வைத்தே 1, 2, 3 என்று குறியுங்கள். ஒரு குறியிலிருந்து அடுத்த குறிக்கு ஓரடி ஸ்கேலை நகர்த்திக்கொண்டே போனால் பென்சில் தடிமன் சேர்ந்துசேர்ந்து, பன்னிரண்டாவது அடியில் ஓர் அங்குலம் வரை தள்ளிப்போகும்.

கோட்டுக்கு நூல் அடிப்பதுதான் வேகம். நூலில் காவி தடவாதீர்கள். காவி மஞ்சளுக்கு மேலே ஊறி வந்துவிடும். மார்க்கர் பேனாவும் அப்படித்தான், எத்தனை கோட்டு அடித்தாலும் மசி மேலே வரும். வண்ணச் சாக்பீஸை இடித்துத் தூளாக்கி நூலில் தடவி இழுத்து விடுங்கள். இரண்டு பேர் இருந்தால் 96 கட்டமும் ஒரு மணி நேரத்தில் முடியும். பத்தி எழுத்துகளையும் வரிசை எண்களையும் சட்டத்துக்கு வெளியே டேப்பில் எழுதி ஒட்டுங்கள்.

10. கட்டம் கட்டமாக வரைவது

ஒரு கட்டத்தில் வரையும்போது "இது மூக்கு" என்று நினைக்காதீர்கள். கோடு எந்த விளிம்பில் நுழைகிறது, எதில் வெளியேறுகிறது என்பதை மட்டும் பாருங்கள். எ-4 கட்டத்தின் மேல் விளிம்பில், இடமிருந்து முக்கால் பங்கில் நிழலின் விளிம்பு நுழைகிறது. கீழ் விளிம்பில் பாதியில் வெளியேறுகிறது. இரண்டு இடத்திலும் சாக்பீஸால் புள்ளி வைத்துவிட்டு, நடுவில் வலப்பக்கம் லேசாக வளைந்த ஒரு கோடு. அது ஆயாவின் மூக்கு என்று எனக்கே பத்துக் கட்டம் தாண்டி இறங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

கண்ணுக்கு ஓரடிக் கட்டம் போதாது. என் படத்தில் முகம் நான்கு அடி அகலம், ஒரு கண் பத்து அங்குலம். இடது கண் ஊ-3, எ-3 இரண்டிலும் பாதிபாதியாக விழுந்தது. அந்த வரிசையை அரையடிக் கட்டமாகவும், கண்ணையும் வாயோரத்தையும் மூன்று அங்குலக் கட்டமாகவும் பிரித்தேன். ஏ3 தாளிலும் அதே பிரிவைப் போட்டுக்கொள்ள வேண்டும். சேலைக்கும் பின்னணிக்கும் பிரிக்க வேண்டியதில்லை.

இரண்டு வரிசை முடிந்ததும் இறங்கி, எதிர்ப்பக்கம் போய்ப் போனில் ஒரு படம் எடுத்து, தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாரத்தில் நிற்கும்போது எதுவும் தெரியாது. வலது கண்ணை நான் ஒரு பத்தி தள்ளி வரைந்திருந்தேன். சாக்பீஸ் என்பதால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் சரிசெய்ய முடிந்தது. கோடு முடிந்ததும் ஒவ்வொரு பரப்புக்குள்ளும் அதன் நிற எண்ணைச் சாக்பீஸால் எழுதுங்கள்.

11. பெயின்ட் அடிப்பது

கட்டம் கட்டமாக நிரப்பாதீர்கள். அப்படிச் செய்தால் கட்ட விளிம்பில் காய்ந்த தடம் விழுந்து, கட்டம் கடைசிவரை தெரியும். நிறம் நிறமாக அடியுங்கள். முதலில் மஞ்சள், பிறகு பச்சைகள், பிறகு பழுப்புகளில் வெளிரிலிருந்து அடர்வுக்கு, அதன்பின் கருமை, கடைசியில் வெள்ளை. வெளிர்நிறத்தை எல்லைக்கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் அடித்துவிடுங்கள். அடர்நிறம் அதன் மேல் ஏறி விளிம்பைச் சரிசெய்துகொள்ளும். இரண்டுக்கும் நடுவே பிரைமரின் வெள்ளைக் கீற்று தெரியாது. எல்லை மறையும் இடத்தில், அடர்நிறம் அடிக்குமுன் தாளைப் பார்த்து அந்தக் கோட்டை மட்டும் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே டின்னில் சொன்ன நேரம் விடுங்கள். எனக்கு நான்கு மணி நேரம். தண்ணீர் அதிகம் ஊற்றினால் மறைக்காது, வடியும். தோல் நிறங்கள் சந்திக்கும் இடத்தை விரலால் தேய்த்து இழைக்கத் தோன்றும். செய்யாதீர்கள். பக்கத்தில் நின்றால் கன்னம் மூன்று திட்டாகத்தான் தெரியும், பதினைந்து அடி தள்ளிப் போனால் சேர்ந்துகொள்ளும். இழைத்தால் தூரத்தில் முகம் மங்கிவிடும்.

எனக்கான நாள் கணக்கு: தாள் வேலை இரண்டு மாலை, சுரண்டிக் கழுவிக் காயவிட மூன்று நாள், பிரைமர் ஒரு நாள், கட்டமும் கோடும் ஒரு நாள், பெயின்ட் மூன்று நாள். இதில் பின்னணியை மறுபடி அடித்த ஒரு நாள் சேரவில்லை. சாரத்தைக் கட்டம் போடும் நாளிலிருந்து வாடகைக்கு எடுத்தால் போதும். தேர்வு விடுமுறையில் வைத்துக்கொண்டால் பிள்ளைகள் சாரத்தடியில் நிற்கும் பயம் இல்லை.

12. முடித்த பிறகு

இரண்டு நாள் முழுக்கக் காய்ந்த பின், ஈர ஸ்பாஞ்சை நன்றாகப் பிழிந்துவிட்டு, மிச்சமிருக்கும் சாக்பீஸ் கோடுகளை ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். டேப்புகளை உரியுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் மிச்சத்தை விளிம்புவரை நிரம்பும் சிறிய பாட்டிலில் ஊற்றி, எண்ணும் தேதியும் எழுதி இறுக்கி மூடுங்கள். அரைப் பாட்டிலாக வைத்தால் மேலே ஏடு கட்டிவிடும். எங்கள் எட்டுப் பாட்டிலும், கட்டம் போட்ட தாளும், நிற அட்டைகளும் தலைமை ஆசிரியர் அறை பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. மூன்று மாதத்தில் பந்து பட்டு ஒ-6 கட்டத்தில் ஒரு பொருக்கு விழுந்தது. இரண்டாம் எண் பாட்டிலைத் திறந்து, ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தாளைப் பார்த்து அதை அடைத்தாள்.